ஒன்பது நாற்பத்தைந்துக்குத் தாலி

(திருமண, மேடை நிகழ்ச்சிகளை நடத்திக் கொடுப்பவர்கள் முன் பூண்டுலோயாவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2011 ஏப்ரல் 29ஆம் திகதி லண்டனில் இளவரசர் வில்லியமுக்கும் கேத்தரினுக்கும் திருமணம் நடந்தது. அதற்கான நேரப் பட்டியலை அரண்மனை முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. மணமகள் தன் தந்தையோடு கோரிங் ஹோட்டலிலிருந்து புறப்படுவது 10.51. வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் சடங்கு தொடங்குவது 11.00. மாளிகையின் மாடத்தில் தம்பதியர் தோன்றுவது பிற்பகல் 1.25. விமானங்கள் மேலே பறந்து செல்வது 1.30. அதைப் படித்த பலருக்கு 10.51 என்ற எண்தான் வேடிக்கையாக இருந்தது. 10.50 என்று எழுதினால் குடியா முழுகிவிடும்?

ஆனால் அந்தப் பட்டியலை எழுதியவர் 10.51இலிருந்து தொடங்கியிருக்க மாட்டார். 11.00 என்பதை முதலில் ஊன்றிவிட்டு, கார் ஓடும் நேரத்தையும் இறங்கி நடக்கும் நேரத்தையும் கழித்துக்கொண்டே பின்னால் போயிருப்பார். மாடத்துக் காட்சியும் அப்படித்தான். ஆகாயத்தில் வரும் விமானம் யாருக்காகவும் நின்று காத்திருக்காது, அது 1.30க்கு வருமென்றால் தம்பதியர் 1.25க்கு வெளியே வந்தாக வேண்டும். நேர அட்டவணை என்பது காலையிலிருந்து மாலைக்கு எழுதப்படுவதில்லை. அசையாத ஒரு நிமிடத்திலிருந்து பின்னோக்கி எழுதப்படுகிறது.

பூண்டுலோயாவில் அந்த அசையாத நிமிடத்தைத் தருவது பஞ்சாங்கம். 9.20 முதல் 10.50 வரை என்று அழைப்பிதழில் அச்சடிக்கும் மக்களுக்கு 10.51 புதுமை இல்லை. இங்கே கடிகாரமும் புதிதல்ல. விடியுமுன் தப்படித்து எழுப்பி, பெரட்டுக் களத்தில் நிறுத்தி, பிந்தி வந்தவருக்கு அரைப்பேர் போட்ட தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் கலியாண மண்டபத்தில் மட்டும் தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் ஓடுவது ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அந்தச் சுபநேரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாளில் பன்னிரண்டு இராசிகளும் கிழக்கில் உதித்து முடிகின்றன. ஆகவே ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் நிற்கும். ஆவணி நடுவில் சூரியன் சிம்மத்தின் பாதியில் இருக்கும்போது, காலை ஆறு மணியை ஒட்டி உதயம். சிம்மத்தின் மிச்சப் பாதி ஏழு மணியளவில் முடியும்; கன்னி ஒன்பது மணியைத் தாண்டி முடியும்; பிறகு துலாம். ஐயர் துலா லக்கினத்தைத் தெரிந்தால் அதன் தொடக்கத்தையும் முடிவையும் சற்று விட்டுவிட்டு 9.20 முதல் 10.50 வரை என்று எழுதித் தருவார். தொண்ணூறு நிமிடம். இதற்கு இப்பாலும் அப்பாலும் பேரமில்லை.

இந்தக் கணக்கு இடத்தைப் பொறுத்தது. கைபேசிச் செயலியில் ஊர் சென்னை என்று கிடந்தால் உதயமும் லக்கினமும் சில நிமிடம் தள்ளிப் போகும். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த சித்தப்பாவின் செயலியில் ஊர் மெல்பர்ன் என்று கிடந்தால் சொல்லவே வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தமக்குள் ஒத்துப்போகாத நாட்கள் உண்டு. பெண் வீட்டார் ஒன்றையும் மாப்பிள்ளை வீட்டார் மற்றதையும் வைத்திருந்தால் அதை நிச்சயதார்த்தத்தன்றே பேசித் தீர்த்துவிட வேண்டும். இலங்கையில் இதைவிடப் பெரிய சிக்கலும் ஒரு காலத்தில் இருந்தது. 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன் நகர்த்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு வந்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரலில்தான் சரியானது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்காமல் ஒருவரும் நாள் குறிக்க முடியவில்லை. மனப்பாடமாக வைத்திருந்த இராகுகால அட்டவணையோடு அரை மணியைக் கூட்ட வேண்டியிருந்தது. சூரியன் தன் பாட்டுக்கு உதித்தது. மாறியது சுவரில் தொங்கிய கடிகாரம் மட்டும்.

இனி ஒரு நாளை எடுத்துக்கொண்டு எழுதிப் பார்க்கலாம். கற்பனைக் கலியாணம்தான், ஆனால் கணக்கு உண்மையானது. ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஏனென்றால் அன்று தோட்டத்தில் வேலையில்லை. மற்ற நாளில் வைத்தால் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பேர் போகும். பெண் பூண்டுலோயா. மாப்பிள்ளை ஹட்டன் பக்கத் தோட்டம். டவுன் மண்டபம். விருந்தினர் 450 பேர். சுபநேரம் 9.20 முதல் 10.50 வரை.

தாலி எத்தனை மணிக்கு?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் 'பத்தரைக்குள்ள கட்டிரலாம்' என்பதாக இருக்கும். அந்த ஒரு சொல்லில்தான் நாள் முழுவதும் கெடுகிறது. பத்தரைக்குக் குறிவைத்தால் மிஞ்சுவது இருபது நிமிடம். காலையிலிருந்து சேர்ந்த தாமதம் அத்தனையும் அந்த இருபது நிமிடத்துக்குள் அடங்க வேண்டும்; அடங்காது. குறி 9.45 ஆக இருக்கட்டும். அப்போது நேரம் தொடங்கி இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்கும், முடிய அறுபத்தைந்து நிமிடம் இருக்கும். அந்த அறுபத்தைந்து நிமிடத்தைப் பற்றி அட்டவணையைக் கையில் வைத்திருப்பவரையும் ஐயரையும் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இப்போது 9.45இலிருந்து பின்னோக்கி இறங்க வேண்டும். மணமகள் கூறைச் சேலையோடு மணவறைக்குத் திரும்பி வருவது 9.35. கூறையைக் கையில் வாங்குவது 9.05. அதற்கு முன் கன்னிகாதானம், பெண்ணின் பெற்றோர் தாரை வார்ப்பது, 8.50. மணமகள் முதன்முறை மணவறைக்கு வருவது 8.40. மாப்பிள்ளை வந்து உட்கார்ந்து பிள்ளையார் பூசை, புண்ணியாகவாசனம், காப்பு, கலச பூசை எல்லாம் தொடங்குவது 8.00. ஐயர்மாரில் இதை அரை மணியில் முடிப்பவரும் இருக்கிறார், ஒரு மணிக்கு மேல் எடுப்பவரும் இருக்கிறார். எவ்வளவு பிடிக்கும் என்று ஐயரிடம் நேரே கேட்டுவிடுவது மரியாதைக் குறைவல்ல. 'சாமி, விநாயகர் பூசையிலயிருந்து கூறை குடுக்குறவரைக்கும் உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?' என்று கேட்டால் அவர் நிமிடக் கணக்கில் சொல்வார். அவரிடம் அட்டவணையை நீட்டி இப்படி நடத்துங்கள் என்பதுதான் பிழை.

எட்டு மணிக்கு மாப்பிள்ளை மணவறையில் என்றால், அவர் மண்டப வாசலுக்கு வருவது 7.30. வரவேற்பு, ஆராத்தி, ஒரு கோப்பைத் தேநீர், தலைப்பாகை எல்லாம் அந்த அரை மணிக்குள். ஹட்டன் பக்கத்திலிருந்து தலவாக்கலை வழியாக ஆட்கள் நிறைந்த பஸ், தோட்டத்து ரோட்டையும் சேர்த்து, ஒன்றே முக்கால் மணி என்று வைத்தால் புறப்பாடு 5.45. பஸ் ஓடும் நேரத்தை யாரும் அதிகம் பிழையாகக் கணிப்பதில்லை. பிழைப்பது ஆள் ஏறும் நேரத்தில். மேல் லயத்திலிருந்து படி இறங்கி வருகிற பாட்டி, சீர்த்தட்டு, தாம்பாளம், கைக்குழந்தை, கடைசி நேரத்தில் 'மாலைப் பெட்டி எங்க?' என்ற கூச்சல். ஐம்பது பேர் ஏற அரை மணி நேரம் பிடிக்கும். மழையானால் இன்னும் கூட. ஆகவே அட்டவணையில் பஸ்ஸுக்கு இரண்டு வரிகள் இருக்க வேண்டும்: 5.15 கதவு திறப்பது, 5.45 சில்லு உருளுவது. ஒரே வரியாக எழுதியவர்கள் ஆறேகாலுக்குத்தான் புறப்பட்டார்கள்.

அலங்காரம் இன்னொரு இடறல். ஒப்பனை, தலைப்பின்னல், பூ, முதல் சேலை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்பார் அழகுக்கலை செய்பவர். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் மணமகளின் தலைக்குப் பூ வைக்கும் நேரத்தில் 'எனக்கும் ஒரு கொண்டை போட்டுவிடும்மா' என்று அத்தை வந்து உட்காருவார். அவருக்குப் பின்னால் இரண்டு சின்னம்மாக்கள். ஆளுக்குப் பத்து நிமிடம், அரை மணி போச்சு. இதற்கு மருந்து அத்தையைத் தடுப்பதல்ல. அத்தைக்கும் அட்டவணையில் ஒரு நேரம் எழுதிவிடுவது. 5.30 முதல் 6.00 வரை வீட்டுப் பெண்கள், 6.00 முதல் 8.30 வரை மணமகள் மட்டும். நுவரெலியாவிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வருகிறவர் ஐந்தரைக்கு இங்கே கைவைக்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே வந்து தங்குவதுதான் அறிவு. மூடுபனிக்குள் நாலு மணிக்கு வேன் ஓட்டச் சொல்லி அட்டவணை எழுதுவது எழுத்தாகாது.

இந்த நாள் முழுவதிலும் மிக ஆபத்தான முப்பது நிமிடம் எது என்று கேட்டால், பலர் பஸ்ஸைச் சொல்வார்கள். அனுபவம் உள்ளவர்கள் கூறை மாற்றும் நேரத்தைச் சொல்வார்கள். பஸ் பிந்தினால் சரிக்கட்ட இரண்டு மணி நேரம் இருக்கிறது. கூறை பிந்தினால் எல்லோரும் உட்கார்ந்து மணவறையையே பார்த்துக்கொண்டிருக்க, அக்கினி எரிய, மாப்பிள்ளை தனியே வியர்க்க, நேரம் ஓடும். அந்த அரை மணியின் தாளை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தால் இப்படி இருக்கும்:

9.05 – கூறைத் தட்டு மணமகள் கையில். தாய்மாமன் பாதை விலக்குகிறார்.
9.08 – அறைக் கதவு பூட்டு. உள்ளே அழகுக்கலைஞர், உதவியாள், அக்கா. வேறு எவருமில்லை.
9.10 – தாலித் தட்டு சபைக்குப் புறப்பாடு. பெரியப்பா கையில்.
9.25 – தாலித் தட்டு மணவறைக்குத் திரும்பல்.
9.28 – அறைக்குள் ஒருவர் கேட்டு வருகிறார்: மிச்சம் என்ன?
9.33 – நாதஸ்வரம், தவில் ஆயத்தம். ஒலிபெருக்கிப் பாட்டு நிறுத்தம்.
9.35 – மணமகள் வெளியே.

உள்ளே என்ன நடக்கிறது? மாலையைக் கழற்ற வேண்டும். ஒட்டியாணம், வங்கி, முந்தானையில் குத்திய ஊசிகள். முதல் சேலைக்கு இருபது ஊசி குத்தியிருந்தால் இருபதையும் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் பட்டு கிழியும். பிறகு கூறை. கனமான புதுப்பட்டு, மடிப்பு நிற்காமல் வழுக்கும். இதை முதல் நாளே கொசுவம் எடுத்து, முந்தானை மடித்து, இஸ்திரி போட்டு, கிளிப் மாட்டி வைத்திருந்தால் பதினைந்து நிமிடத்தில் கட்டிவிடலாம். தட்டில் வைத்து ஐயர் பூசித்துத் தரும்வரை அதைப் பிரிக்கக் கூடாது என்ற வழக்கமுள்ள வீடுகளில் அந்த வசதி இல்லை. அங்கே அரை மணி போதாது, நாற்பது நிமிடம் வைக்க வேண்டும். ஆகவே இந்த ஒரு கேள்வியை, கூறையை முன்னமே மடித்துவைக்க முடியுமா என்பதை, ஒரு வாரம் முன்னமே பெண் வீட்டில் கேட்டு எழுத வேண்டும். பத்து நிமிட வித்தியாசம் அந்தப் பதிலில் இருக்கிறது. ரவிக்கை கூறையோடு மாறுமா, அதே ரவிக்கைதானா என்பது அடுத்த கேள்வி.

வழக்கம் அறிவுள்ளது. மணமகள் உள்ளே போன இடைவெளியைச் சும்மா விடாமல், தாலியைத் தட்டில் வைத்துச் சபையோரிடம் காட்டி ஆசி வாங்கும் சடங்கை அங்கே வைத்திருக்கிறார்கள் பெரியவர்கள். மேடை நாடகத்தில் காட்சி மாற்றும்போது திரைக்கு முன்னால் விதூஷகனை நிறுத்துவதுபோல. ஆனால் 450 பேர் கொண்ட மண்டபத்தில் தட்டு ஒவ்வொரு வரிசையாகப் போனால் பதினைந்து நிமிடத்தில் திரும்பாது. மணமகள் வந்து உட்கார்ந்துவிட்டாள், தாலி பின் வரிசையில் யாரோ ஒரு தாத்தாவின் கையில் நிற்கிறது. இது நடக்காத மண்டபம் குறைவு. அட்டவணையில் தட்டு புறப்படும் நேரத்தை எல்லோரும் எழுதுகிறார்கள். திரும்பும் நேரத்தையும், அதைத் தூக்கி வருபவர் பெயரையும் எழுதியவர்களுக்குத் தொல்லை இல்லை. முன் நான்கு வரிசையும் நடுப்பாதையும் போதும் என்று பெரியப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடலாம்.

9.28க்கு ஒருவர் போய்க் கேட்கிறார் என்று மேலே இருக்கிறதே, அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கதவைத் தட்டி 'எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்டால் உள்ளிருந்து வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: 'அஞ்சே நிமிஷம் அண்ணே!' அது நேரமல்ல, போய்விடு என்பதற்கான மரியாதைச் சொல். அதைத் தாளில் குறித்துக்கொண்டு ஐயரிடம் போய் ஐந்து நிமிடம் என்று சொன்னவர் பிறகு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார். கேட்க வேண்டியது வேலையின் நிலை. 'தங்கச்சி, கொசுவம் சொருகியாச்சா? முந்தானை ஊசி எத்தனை பாக்கி?' என்றால் 'சொருகியாச்சு, மூணு ஊசி, அப்புறம் மாலை' என்று வரும். மூன்று ஊசியும் மாலையும் என்றால் நான்கு நிமிடம் என்று வெளியில் நிற்பவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சமையற்கட்டிலும் இதே முறைதான். 'சாப்பாடு ரெடியா?' என்பது கேள்வியல்ல. 'சோறு வடிச்சாச்சா மாமா, பாயாசம் இறக்கியாச்சா?' என்பது கேள்வி.

தாமதத்துக்கு இடம் விடுவது எங்கே? எல்லா வரியிலும் ஐந்து ஐந்து நிமிடம் கூட்டி எழுதுவது ஒரு வழி. பலர் அதைத்தான் செய்கிறார்கள். அது வேலைக்கு ஆகாது. ஐந்து நிமிடம் கூடுதலாக இருப்பது தெரிந்ததும் அந்தந்த ஆள் அந்த ஐந்தையும் தின்றுவிடுவார். அழைப்பிதழில் ஒரு மணி நேரம் முன்னதாகப் போடுவதும் அப்படியே. ஊருக்கே அது தெரியும். தெரிந்து அவர்களும் ஒரு மணி பிந்தியே வருகிறார்கள். அமெரிக்காவில் விண்வெளி ஓடம் ஏவியபோது வேறொரு வழியைக் கையாண்டார்கள். எண்ணிக்கை பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். இருபது நிமிடம் மிச்சமிருக்கையில் ஒரு தடவையும் ஒன்பது நிமிடம் மிச்சமிருக்கையில் ஒரு தடவையும் கடிகாரத்தையே நிறுத்திவிடுவார்கள். இது கோளாறால் வந்த நிறுத்தமல்ல, முன்கூட்டியே திட்டமிட்ட நிறுத்தம். பிந்தியவர்கள் அதற்குள் வந்து சேர்ந்துகொள்வார்கள். எல்லோரும் ஆயத்தம் என்று சொன்ன பிறகே எண்ணிக்கை திரும்பத் தொடங்கும். கலியாணத்தில் அப்படிப்பட்ட நிறுத்தம் இரண்டு வேண்டும். ஒன்று மாப்பிள்ளை வந்து இறங்குவதற்கும் மணவறை ஏறுவதற்கும் நடுவிலுள்ள அரை மணி. மற்றது கூறை மாறித் திரும்பியதற்கும் தாலிக்கும் இடையிலுள்ள பத்து நிமிடம். தாமதம் எதுவும் இல்லையென்றால் முதல் இடைவெளியில் தேநீர் குடிக்கலாம், இரண்டாவதில் ஐயர் மாங்கல்ய பூசையை நிதானமாகச் செய்யலாம்.

தாலி கட்டும் நொடிக்கு வந்துவிட்டோம். மேலைநாட்டு அரங்குகளில் ஒருவர் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஆயத்தம், போ என்று ஒவ்வொரு விளக்குக்கும் ஒலிக்கும் சைகை கொடுப்பார். மணவறையில் அந்த வேலையைச் செய்வது ஐயரின் கை. அவர் விரலை உயர்த்தி ஆட்டியதும் 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்ற குரல் எழுகிறது, தவில் இடிக்கிறது, அட்சதை பறக்கிறது. நல்ல தவில்காரர் அந்தக் குரலுக்குக் காத்திருப்பதில்லை. ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கும்போதே அவர் பார்வை ஐயரின் விரலில் நிற்கும். ஆகவே அட்டவணை எழுதுபவர் செய்ய வேண்டியது சைகை கொடுப்பதல்ல, சைகை தெரிய வைப்பது. மேளக்காரர் உட்காரும் இடத்திலிருந்து ஐயரின் வலக்கை தெரிகிறதா? முதல் நாளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். அன்று அந்தப் பார்வையை மறைத்து நிற்பவர் யார் என்பதும் தெரிந்ததே: வீடியோ எடுப்பவர். அவரும் புகைப்படக்காரரும் பல சமயம் சிங்களச் சகோதரர்கள். தமிழில் அச்சடித்த அட்டவணையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பிறகு 'சொன்னோமே' என்பதில் பொருளில்லை. அவர்களுக்குரிய ஏழெட்டு வரியைச் சிங்களத்தில் எழுதி, நிற்கும் இடத்தைத் தரையில் சுண்ணாம்பால் கோடிட்டுக் காட்டிவிடலாம். ஒலிபெருக்கிக்காரருக்கு ஒரே வரி: 9.33க்குப் பாட்டை நிறுத்து, தாலி முடியும்வரை தொடாதே.

முழுத் தாள் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவரவர் வரிகள் மட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். மண்டபத்தின் உள்ளறையில் சிக்னல் கிடைக்காது, மணமகளின் அக்காவுடைய கைபேசி யாரோ ஒரு பிள்ளையின் கையில் விளையாட்டுக்குப் போயிருக்கும். காகிதம் நல்லது.

தாலி முடிந்ததும் அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் போடுகிறவர்கள் உண்டு. பந்திதான் இரண்டாவது பரீட்சை. 450 பேர், ஒரு பந்திக்குத் தொண்ணூறு இலை, ஐந்து பந்தி. சாப்பிட இருபத்தைந்து நிமிடம், இலை எடுத்துத் துடைத்துத் திரும்ப இலை போடப் பத்து நிமிடம். ஐந்து முப்பத்தைந்து நூற்று எழுபத்தைந்து. அம்மி, அருந்ததி, ஆசீர்வாதம் முடித்து 10.30க்கு முதல் பந்தி என்றால் கடைசிப் பந்தி எழும்பி இலை எடுத்து முடிவது 1.25. பரிமாற ஆள் குறைந்தால் அந்த முப்பத்தைந்து நாற்பத்தைந்தாகும். கடைசிப் பந்தி இரண்டேகால். கெடுவது எப்போது தெரியும்? இரண்டாம் பந்திக்கு இலை போடும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தால் போதும். 11.05க்குப் பதில் 11.15 என்றால் உடனே இன்னும் நான்கு பையன்களைப் பரிமாற இறக்க வேண்டும். நான்காம் பந்தியில் தெரிந்துகொண்டு பயனில்லை.

ஏனிந்த அவசரம்? ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12.00 முதல் 1.30. இராகுகாலம் 4.30 முதல் 6.00. பெண்ணை அழைத்துக்கொண்டு மண்டப வாசலைத் தாண்டுவது எமகண்டத்தில் கூடாது, மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆராத்தி எடுத்து உள்ளே அழைப்பது இராகுகாலத்தில் கூடாது. அதாவது மாலையிலும் ஓர் அசையாத நிமிடம் காத்திருக்கிறது. 1.50க்குப் புறப்பட்டால் ஒன்றே முக்கால் மணிப் பயணம், 3.35க்குப் போய்ச் சேரலாம். காலையில் ஒளித்துவைத்த அறுபத்தைந்து நிமிடத்தில் ஐம்பத்தைந்தைச் செலவழித்துப் பத்து நாற்பதுக்குத் தாலி கட்டியிருந்தால்? எல்லாம் ஐம்பது நிமிடமாவது தள்ளிப்போகும். புறப்பாடு 2.40, சேர்வது 4.25. நேரத்துக்குத்தான், ஆனால் தலவாக்கலைச் சந்தியில் ஒரு லொறி குறுக்கே நின்றால் போச்சு. சுபநேரத்துக்குள் கட்டிவிட்டோம் என்று மூச்சு விடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. காலையில் எடுத்த கடன் மாலையில் கேட்கப்படும்.

மேடை நிகழ்ச்சிக்கும் இதே கணக்குத்தான், சுபநேரத்தின் இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். பூண்டுலோயாக்காரர்களுக்கு நினைவிருக்கும்: 2018 ஓகஸ்ட் 12ஆம் திகதி டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 404 வீடுகள், மகாத்மா காந்திபுரம், கையளிக்கப்பட்டன. அன்றைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நேரில் வந்தார். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியாகப் பேசினார். நேரலை என்று வந்துவிட்டால் திரையில் அவர் முகம் தோன்றும் நிமிடம்தான் முகூர்த்தம். அதற்கு முன்னால் வரவேற்புரை சொல்பவர் பத்து நிமிடம் கூடுதலாகப் பேசிவிட முடியாது. முன்னதாக முடித்துவிட்டு மேடையை வெறுமையாக விடவும் முடியாது. இப்படியான மேடைக்கு நீட்டவும் சுருக்கவும் கூடிய ஓர் உருப்படியை நேரலைக்குச் சற்று முன்னால் வைக்க வேண்டும். உரை அதற்கு உதவாது, பேச்சாளரை நிறுத்துவது மரியாதையாக இராது. நடனம் உதவாது, பாட்டு ஓடி முடிந்தே தீரும். தப்பும் நாதஸ்வரமும் உதவும். இரண்டு நிமிடமும் வாசிக்கலாம், பன்னிரண்டு நிமிடமும் வாசிக்கலாம், எங்கே நிறுத்தினாலும் முடிந்த மாதிரி இருக்கும்.

இந்த வித்தை மலையகத்துக்குப் பழையது. மாசியில் காமன் ஊன்றி நடக்கும் காமன் கூத்தில் கடிகாரமே கிடையாது. ரதி மதன் கலியாணம், தூதன் வரவு, வீரபத்திரன், கடைசியில் காமன் எரிதல் என்று வரிசை மட்டும் மாறாது. இரவு முழுவதும் ஓடி விடியலை நோக்கிப் போகும். அடுத்த வேஷக்காரருக்கு அரிதாரம் முடியவில்லையென்றால் வாத்தியார் பாட்டை இன்னொரு சுற்று இழுப்பார், தப்புக்காரர் அடியை மாற்றுவார், பார்க்கிறவர்களுக்குத் தாமதம் என்றே தெரியாது. வரிசையைக் கல்லாக வைத்து நேரத்தை மாவாகப் பிசைவது அவர் முறை. கலியாணத்தில் இரண்டும் கலந்திருக்கிறது: சில இடம் கல், சில இடம் மாவு. எது எது என்று தெரியாமல் எழுதுகிற தாளில் எல்லாமே கல்லாகத் தெரியும், முதல் தாமதத்திலேயே எல்லாம் உடையும்.

ஆகவே தாளின் பின்புறத்தில் இன்னொரு பட்டியல் இருக்க வேண்டும்: நேரம் போதாவிட்டால் எதை எந்த வரிசையில் விடுவது என்பது. இதை அன்று காலை மண்டபத்தில் தீர்மானிக்க முடியாது. மாமனும் மச்சானும் கோபித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் முன்பு, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து சம்மதித்து எழுதியிருக்க வேண்டும். மேலே எடுத்த கலியாணத்துக்கு அது இப்படி வரலாம். மாப்பிள்ளை பஸ் இருபது நிமிடம் பிந்தினால் வாசலில் படம் எடுப்பதை விடலாம். முப்பது என்றால் தேநீரை மணவறைக்குப் பின்னால் கொடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் போனால் தாலித் தட்டு முன் இரண்டு வரிசையோடு திரும்பும். தாய்மாமன் சீர் மட்டும் எந்த நிலையிலும் விடப்படாது, சுருக்கவும் படாது. வேண்டுமானால் தாலிக்குப் பிறகு நகரலாம், அதையும் தாய்மாமனே தன் வாயால் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். குடும்பப் படங்கள் மூன்றாம் பந்தியோடு சேர்ந்து ஓடட்டும். மொய் எழுதுகிற மேசை 9.00க்கே திறந்துவிட்டால் கடைசியில் வரிசை சேராது. 1.50 புறப்பாட்டுக்கு முன்னால் 1.35க்கு ஒரு வரி: பஸ் சாரதி சாப்பிட்டுவிட்டாரா?